நாலு மாதப் பிள்ளைக்குத் தேன்: காய்ச்சினாலும் ஏன் சரிவராது?

"என்ர பிள்ளைக்கு நாலு மாசம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். மாமி காட்டுத் தேன் ஒரு போத்தில் எடுத்து வைச்சிருக்கிறா, கலப்படமில்லாத சுத்தத் தேன். உரைமருந்தோட குழைச்சு நாக்கில தடவ வேணும் எண்டு நிக்கிறா. போன கிழமை ஒருக்காத் தடவியும் விட்டா. கிளினிக்கில மிஸ் ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாது எண்டு சொன்னவ, ஏன் எண்டு சொல்லேல்லை. காய்ச்சிக் குடுத்தால் சரிவருமோ? எங்கள் எல்லாரையும் தேன் தடவித்தானே வளர்த்தவை?"

காய்ச்சினாலும் சரிவராது. ஒருமுறை தடவியதற்காகப் பதறவும் வேண்டாம். தடவிய நாளிலிருந்து ஒரு மாதம் பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முதல், மிஸ் சொல்லாமல் விட்ட காரணத்தை விளங்கிக்கொண்டால் மாமிக்கும் எடுத்துச் சொல்லலாம். அவர் நினைப்பதுபோல இது சுத்தமான தேன், கலப்படத் தேன் என்ற பிரச்சினையே அல்ல.

மண்ணில் வாழும் ஒரு பக்றீரியா இருக்கிறது, பெயர் குளொஸ்திரீடியம் பொட்டுலினம். காற்றுப் படாத, ஈரமான, இளஞ்சூடான இடத்தில்தான் அது வளரும். அப்படியான இடம் கிடைக்காதபோது செத்துப்போவதில்லை. தன்னைச் சுற்றித் தடித்த கோதுகளைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் நீரையெல்லாம் குறைத்து, வித்தி என்ற நிலைக்குப் போய்விடும். வன்னியில் புழுதி விதைப்புச் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காய்ந்த மண்ணில் எறிந்த நெல் மழை வரும்வரை அப்படியே கிடக்கும். பார்த்தால் உயிர் இருப்பதாகவே தெரியாது. ஐப்பசி மழை விழுந்தால் முளைக்கும். இந்த வித்தியும் அப்படித்தான் காத்துக் கிடக்கும், நெல்லைவிடப் பல மடங்கு நீண்ட காலம்.

வித்தி மண்ணிலும் தூசியிலும் இருப்பதால் தேனுக்கு வருவதற்குப் பல வழிகள் உண்டு. தேனீ குளக்கரையிலும் சேற்றிலும் தண்ணீர் குடிக்கிறது, தூசி படிந்த பூவில் இருக்கிறது. மரப்பொந்திலிருந்து வதையை வெட்டி எடுத்துக் கையால் பிழிகிறபோது மண்ணும் தூசியும் சேர்கின்றன. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் தேனீ கொண்டுவந்ததை நாம் தடுக்க முடியாது. துணியால் வடித்தாலும் நிற்காது. வித்தியின் அளவு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான், எந்தத் துணியின் கண்ணும் அதற்குப் பெரிய வாசல். தேனுக்குள் போன வித்தி முளைக்காது, ஏனென்றால் அங்கே அதற்குத் தேவையான தண்ணீர் இல்லை, புளிப்பும் கூட. ஆனால் சாகவும் மாட்டாது. தேன் கிருமியைக் கொல்லும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது வளர்ந்துகொண்டிருக்கிற கிருமிக்கு. கோதுக்குள் உறங்குகிற வித்தியைத் தேன் ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் தேனைப் பார்த்தோ, மணந்தோ, நாக்கில் வைத்தோ வித்தி இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கெட்டுப்போன தேன் அல்ல இது. நல்ல தேன்தான், அதற்குள் முளைக்காத வித்தும் கிடக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாத் தேனிலும் இருக்கிறதா என்றால், இல்லை. 1970களின் கடைசியில் கலிபோர்னியாவில் தேன் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தபோது ஏறத்தாழப் பத்தில் ஒன்றில் இந்த வித்தி இருந்தது. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு இந்த அளவு மாறும். அதை வன்னித் தேனுக்கு அப்படியே பொருத்திச் சொல்லக் கூடாது. இந்தப் போத்தலில் இருக்கிறதா, அந்தப் போத்தலில் இல்லையா என்பதை வீட்டில் இருந்து கண்டுபிடிக்க வழியில்லை என்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

சரி, அதே தேனைத்தான் மாமியும் நீங்களும் சாப்பிடுகிறீர்கள், உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? வளர்ந்தவர்களின் பெருங்குடல் பயிர் அடர்ந்து நிற்கிற வயல் மாதிரி. கோடிக்கணக்கான வேறு பக்றீரியாக்கள் இடத்தையும் உணவையும் பிடித்து வைத்திருக்கின்றன. பித்தநீரில் உள்ள சில அமிலங்களும் இந்தக் கிருமியை வளர விடுவதில்லை. உள்ளே போன வித்தி முளைக்க இடமின்றி மலத்தோடு வெளியே போய்விடும். பிறந்து சில மாதமான பிள்ளையின் குடலோ அப்போதுதான் உழுது விட்ட தரை. பயிர் இன்னும் பிடிக்கவில்லை. அங்கே ஈரம் இருக்கிறது, உடம்புச் சூடு இருக்கிறது, காற்றும் இல்லை. வித்தி கோதை உடைத்து முளைத்து, பெருகி, ஒரு நச்சைச் சுரக்கத் தொடங்குகிறது. தேனுக்குள் அந்த நச்சு இருக்கவில்லை. பிள்ளையின் குடலுக்குள்தான் அது உண்டாகிறது. ரின்னில் அடைத்த உணவு கெட்டுப்போய் வருகிற பொட்டுலிசத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே நச்சு உணவிலேயே உண்டாகிவிட்டது, அதைத் தின்ற எவருக்கும் ஆபத்து. இங்கே வித்துத்தான் உள்ளே போகிறது, அது முளைக்கக்கூடிய குடல் உள்ளவருக்கே ஆபத்து.

இந்த நோய் வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையானோர் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள். இரண்டு முதல் நான்கு மாதத்தில்தான் அதிகம். உங்கள் பிள்ளை நிற்பது அந்த வயதில். ஒரு வயது என்ற எல்லை ஒரு பாதுகாப்பு வேலி, அந்தப் பிறந்தநாளன்று குடல் திடீரென்று மாறுவதில்லை. ஆனால் அதற்குள் பிள்ளை பல விதமான உணவைச் சாப்பிட்டு, குடலில் பயிர் நன்றாகப் பிடித்திருக்கும் என்பதால் அந்த எல்லையை வைத்திருக்கிறார்கள்.

இனிக் காய்ச்சுகிற கதை. பக்றீரியாவும் அது சுரக்கும் நச்சும் கொதிநிலையில் சில நிமிடத்திலேயே அழிந்துவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் வித்திக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ரின் உணவுத் தொழிற்சாலைகளில் இதை அளந்து வைத்திருக்கிறார்கள். அழுத்தம் கொடுத்து 121 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், ஏறக்குறைய 12 செக்கனில் வித்திகளில் பத்தில் ஒன்பது பங்கு சாகும். சூடு பத்துப் பாகை குறையக் குறைய, அதே வேலைக்குப் பத்து மடங்கு நேரம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 111 பாகையில் 2 நிமிடம், 101 பாகையில் 20 நிமிடம், சாதாரணமாகத் தண்ணீர் கொதிக்கிற 100 பாகையில் கிட்டத்தட்ட 25 நிமிடம். 25 நிமிடம் கொதிக்க வைத்தும் பத்தில் ஒரு பங்கு உயிரோடு இருக்கும். தொழிற்சாலையில் பாதுகாப்பு என்று எடுக்கிற அளவுக்குக் கொண்டுவர, அதாவது பத்தில் ஒன்றாக்குவதைப் பன்னிரண்டு தடவை செய்ய, 100 பாகையில் ஐந்து மணித்தியாலம் வேண்டும். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் போத்தலை வைத்துத் தேனை இளக்குவது 60, 70 பாகைச் சூடுதான், அது வித்தியைத் தொடாது. கடையில் 'பதப்படுத்தியது' என்று எழுதி விற்கிற தேனும் அந்த அளவுச் சூட்டில்தான் வருகிறது. அதனால் கடைத் தேன் காட்டுத் தேனைவிட இந்த விடயத்தில் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். அடுப்பில் நேரே வைத்துக் கூடச் சூடாக்கினால் தேன் கருகும், அதோடு தண்ணீர் குறைந்த, சீனி நிறைந்த பண்டத்துக்குள் வித்தி இன்னும் கூடுதலாகச் சூட்டைத் தாங்கும். பிரசர் குக்கர் யோசனையும் வேண்டாம். கெட்டியான தேனுக்குள் சூடு ஒரே சீராகப் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டில் அறிய வழியில்லை.

உரைமருந்துக்கும் இதே விளக்கம்தான். வசம்பையும் வேர்களையும் மண்ணுக்குள் இருந்துதானே கிண்டி எடுக்கிறார்கள். கல்லில் உரைத்து, தேனில் குழைத்து நாக்கில் வைக்கும்போது மண்ணின் வித்தி இரண்டு வழியாகப் போகலாம். தேனைத் தவிர்த்துத் தாய்ப்பாலில் குழைத்தால் ஒரு வழி அடைபடும், மற்றது அடைபடாது. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்வது இதையும் சேர்த்துத்தான். யாராவது வைத்தியர் சூரணம் கொடுத்துத் தேனை அனுபானமாகச் சொன்னால், பிள்ளையின் வயதைச் சொல்லித் தேன் இல்லாமல் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். முலைக்காம்பு வெடித்ததற்கோ, பிள்ளை பால் குடிக்கட்டும் என்றோ காம்பில் தேன் தடவுவதும் நாக்கில் தடவுவதும் ஒன்றுதான். சூப்பியில் தொட்டுக் கொடுப்பதும் அப்படியே. 2018 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நான்கு பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்தது, நால்வரும் தேன் அடைத்த சூப்பியைச் சூப்பியவர்கள்.

நீங்கள் தேன் சாப்பிடலாமா என்று அடுத்து மனதில் வரும். தாராளமாகச் சாப்பிடலாம். வித்தி உங்கள் குடலைத் தாண்டிப் பாலுக்கு வராது. தேன் எடுத்த கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

அந்த நச்சு என்ன செய்கிறது என்று தெரிந்தால், எதைக் கவனிப்பது என்பது தானே விளங்கும். நாம் கையை அசைக்க நினைத்தால், நரம்பின் நுனியில் சிறு சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும் ஒரு இரசாயனம் வெளியே கொட்டி, தசையைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்தப் பை நரம்பின் சுவரோடு ஒட்டித் திறக்கச் சில புரதங்கள் வேண்டும். பொட்டுலினம் நச்சு இரத்தத்தின் வழியாக நரம்பு நுனிக்குப் போய், அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. பை திறக்காது. தசை பழுதாகவில்லை, மூளையும் தெளிவாகத்தான் இருக்கிறது, இடையில் சேதி மட்டும் போகவில்லை. பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஆனால் முகத்தில் காட்ட முடியாது, அழ முடியாது.

வித்தி உள்ளே போய் மூன்று நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அறிகுறி தொடங்கலாம். முதலில் குடலின் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் வரும். இதுதான் ஏமாற்றுகிற இடம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற நாலு மாதப் பிள்ளை நாலைந்து நாள் மலம் போகாமல் இருந்து, பிறகு இளக்கமாகப் போவது வழமையாக நடப்பதுதான். அந்தப் பிள்ளை துடியாட்டமாக இருக்கும், இழுத்துப் பால் குடிக்கும். ஆகவே மலம் போகாததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அதோடு சேர்ந்து தலையில் இருந்து கீழ்நோக்கி ஒரு தளர்ச்சி வருகிறதா என்று பாருங்கள். முதல் அடையாளத்தைத் தாய்தான் உணர்வாள்: பிள்ளை வாயில் காம்பைப் பிடிக்கும், ஆனால் இழுவை இல்லை. வழமையாகக் குடித்து முடிக்கிற நேரத்தைவிட நீளும், மார்பு இறுக்கம் குறையாது, கடைவாயால் பால் வழியும். அடுத்ததாக அழுகைச் சத்தம் மெலியும். வாய் திறந்து அழுகிறது, சத்தம் பூனைக்குட்டி மாதிரி வருகிறது. இமை பாதி மூடியபடி தொங்கும், நித்திரைத் தூக்கம் என்று நினைக்கத் தோன்றும். சிரிப்புக் காட்டினால் முகம் அசையாது. தோளில் நிமிர்த்திப் பிடித்தால், போன கிழமை தானே தூக்கி வைத்திருந்த தலை இப்போது பின்னாலோ முன்னாலோ விழும். பிறகு கைகால் துவளும். கடைசியில் மூச்சுத் தசைகள். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. காய்ச்சல் இல்லை என்று ஆறுதலடைந்து வீட்டில் இருப்பதும், மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து நாள் கடத்துவதும் நடக்கக் கூடாது.

இழுவை குறைந்து, அதோடு அழுகையோ இமையோ தலையோ தளர்ந்தால், விடியட்டும் என்று இருக்காமல் அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகிற வழியில் வற்புறுத்திப் பால் பருக்க வேண்டாம். விழுங்குகிற தசை தளர்ந்திருந்தால் பால் நுரையீரலுக்குள் போகும். மூச்சு மேலோட்டமாக இருந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ அதையும் போனில் முதலே சொல்லுங்கள். அங்கே போனதும் "தேன் தடவினோம், இன்ன திகதி" என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். மாமியைக் காட்டிக்கொடுப்பதாகவும் நினைக்க வேண்டாம். இதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. சிறு பிள்ளை துவண்டு வந்தால், இரத்தத்தில் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று ஜென்ரமைசின் போன்ற ஊசியைத் தொடங்குவது வழமை. அது நியாயமான சிகிச்சைதான். ஆனால் பொட்டுலிசம் உள்ள பிள்ளைக்கு அந்த வகை மருந்து நரம்பு, தசை இடையிலான சேதியை இன்னும் அடைத்துவிடும். தேன் என்ற ஒரு சொல் வைத்தியரை அந்தப் பக்கம் யோசிக்க வைக்கும். போத்தலையும் கொண்டுபோங்கள். நோயை உறுதிப்படுத்துவது பிள்ளையின் மலத்தில் நச்சையோ கிருமியையோ கண்டுபிடித்துத்தான். அது உடனே முடிகிற பரிசோதனை இல்லை, ஆகவே வைத்தியர் அறிகுறியையும் நீங்கள் சொல்லும் வரலாற்றையும் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நச்சை முறிக்கும் எதிர்ப்பொருள் மருந்து உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்றே மனித இரத்தத்திலிருந்து எடுத்துச் செய்த ஒன்றுக்கு 2003 இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது இரத்தத்தில் ஓடுகிற நச்சைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் போய்விட்டதைக் கழற்றாது. வேளைக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான். மற்றது எல்லாம் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை: மூச்சுக்கு இயந்திரம், மூக்கால் குழாய் வைத்துப் பால். நரம்பு புது நுனிகளை வளர்த்துத் தசையைத் திரும்பத் தொடக் கிழமைகளோ மாதங்களோ எடுக்கும். அதுவரை மூச்சும் உணவும் குறையாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் முழுதாகத் தேறுகிறார்கள். ஆசுபத்திரியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான் இறக்கிறார்கள்.

இனி "எங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தவை" என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இது அரிய நோய். தேன் தடவிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடப்பதில்லை. இந்த நோய் வந்த பிள்ளைகளிலும் அநேகர் தேனே தொடாதவர்கள். அவர்களுக்கு வித்தி தூசியில் இருந்து வந்திருக்கும் என்று நம்பப்படுகிறது, எந்தத் தூசி என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்த பிள்ளைகளில் ஒன்றுக்கு வந்து மற்றதுக்கு வராதது ஏன் என்பதும் முழுதாக விளங்கவில்லை. இவ்வளவும் மாமியின் பக்கம். ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் பொட்டுலிசம் என்று தனியாக ஒரு நோய் இருப்பதே 1976 இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முதல் துவண்டு மூச்சு நின்றுபோன பிள்ளைக்கு மாந்தம் என்றோ, காத்துக் கறுப்பு என்றோ, காரணம் தெரியாது என்றோதான் சொல்லியிருப்பார்கள். வளர்ந்து வந்து இன்று கதை சொல்கிறவர்கள் தப்பியவர்கள்தான். தூசியை நாம் நிறுத்த முடியாது. தெரிந்த வழிகளில் நம் கையால் அடைக்கக்கூடியது தேன் ஒன்றுதான். அந்த வயதில் தேனால் பிள்ளைக்குக் கிடைக்கிற நன்மை எதுவும் தாய்ப்பாலில் இல்லாதது அல்ல. அதனால்தான் இவ்வளவு அரிய நோய்க்காகவும் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

ஒரு விரல் நுனித் தேன் ஒரு கிராமில் சிறு பங்குதான், அதில் ஒரு வித்திகூட இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் தடவிய திகதியைக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வைத்து, அதிலிருந்து முப்பது நாளை எண்ணுங்கள். இந்த நாட்களில் அறிகுறி ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு மருந்தோ பரிசோதனையோ தேவையில்லை. வயிற்றைக் கழுவுகிறேன் என்று எதையும் பருக்கவும் வேண்டாம். நான் எழுதியதை வைத்து வீட்டில் நோயைத் தீர்மானிக்கவும் வேண்டாம், மனதுக்கு ஏதும் சரியில்லை என்று பட்டால் பிள்ளையைக் காட்டுங்கள். மாமியின் போத்தலை எறியத் தேவையில்லை. இறுக மூடி வைத்தால் தேன் கெடாது. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த பிறகு, இருமல் வந்தால் படுக்கப் போகும்போது அரைத் தேக்கரண்டி அதே தேனை மாமியின் கையாலேயே கொடுக்கலாம்.